வாப்பாவின் வீட்டை விற்றபோது நாங்கள் படித்த இரண்டு திகதிகள்

போன வாரம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு குடும்பங்கள் எங்களைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "உம்மா வாப்பாவின் வீட்டை விற்கப் போகிறோம். வரி எவ்வளவு வரும்? நீங்கள் விற்றீர்கள்தானே, சொல்லுங்கோ." நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அதனால் எங்கள் குடும்பத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறோம். எங்கள் ஐந்து பேரில் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர் எழுதினாலும், மற்ற நாலு பேரும் வாசித்துச் சரி பார்த்த பிறகே போடுகிறோம்.

வாப்பா 2012இல் மௌத்தானார்கள். மாவனல்லையில் 20 பேர்ச் காணியும் அதில் ஒரு வீடும் விட்டுப் போனார்கள். அந்தக் காணியை 1981இல் வாங்கி வீட்டையும் கட்டி முடிக்க மொத்தம் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் போனதாக வாப்பாவின் சின்னக் கொப்பியில் எழுதியிருந்தது. வாரிசுகள் உம்மா, நானா, தாத்தா, சின்னத் தாத்தா, நாங்கள், தம்பி. பங்கு மிகவும் இலேசாக வந்தது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சம் எட்டில் ஏழு. ஆண்பிள்ளைக்கு இரண்டு, பெண்பிள்ளைக்கு ஒன்று என்று பிரித்தால் நானாவுக்கும் தம்பிக்கும் எட்டில் இரண்டு வீதம், மூன்று சகோதரிகளுக்கும் எட்டில் ஒன்று வீதம். ஆகவே இந்தப் பதிவு முழுக்க "ஒரு பங்கு" என்றால் எட்டில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பா மௌத்தான பிறகு உம்மாவும் சின்னத் தாத்தாவின் குடும்பமும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். நானா கண்டியில், தாத்தா குருநாகலில், நாங்கள் படிப்பிக்கும் ஊரில், தம்பி கத்தாரில். 2024இல் உம்மாவின் மருத்துவச் செலவுக்கும் சின்னத் தாத்தா தனக்கென்று ஒரு சின்ன வீடு பார்ப்பதற்கும் வேறு வழியில்லாமல் விற்கத் தீர்மானித்தோம். விலை 2 கோடியே 40 லட்சத்துக்குப் பேசி முடிந்தது. ஒரு பங்குக்கு 30 லட்சம்.

விலை முடிந்த அன்று இரவு மச்சான் ஒருவர் வந்து கணக்குப் போட்டுக் காட்டினார். "வாங்கினது 3 லட்சத்து 20 ஆயிரம். விற்கிறது 2 கோடி 40 லட்சம். நூற்றுக்குப் பத்து வரி. 23 லட்சத்துக்கு மேலே அரசாங்கத்துக்கு." உம்மா ஒன்றும் பேசவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அந்த 23 லட்சம்தான் சின்னத் தாத்தாவின் வீட்டுக்கு வைத்திருந்த பணத்தில் பெரிய பகுதி.

மச்சானின் பெருக்கலும் கழித்தலும் சரி. பிழையாக இருந்தது அவர் தொடங்கிய இடம்.

முதலாவது திகதி: 2017 செப்டெம்பர் 30

நிலம், வீடு போன்ற முதலீட்டுச் சொத்தை விற்கும்போது வரும் இலாபத்துக்கு வரி போடுவது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். அது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதைத்தான் மூலதன ஆதாய வரி என்கிறோம். வரி விற்ற விலைக்கு அல்ல, இலாபத்துக்கு. இலாபம் என்றால் விற்ற விலையில் இருந்து சொத்தின் கிரயத்தைக் கழித்தால் வருவது. ஆகவே முழுக் கதையும் "கிரயம் எவ்வளவு" என்ற கேள்வியில் நிற்கிறது.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே கையில் இருந்த சொத்துகளுக்குப் பழைய கொள்விலையைக் கிரயமாக எடுப்பதில்லை. ஒருவர் 2017 செப்டெம்பர் 30 அன்று ஒரு சொத்துக்குச் சொந்தக்காரராக இருந்தால், அந்த நாளில் அந்தச் சொத்துக்கு இருந்த சந்தைப் பெறுமதிதான் அவருடைய கிரயம். அதற்கு முன்பு இருபது வருஷமாக, முப்பது வருஷமாக ஏறின விலைக்கு வரி இல்லை. அந்த நாளுக்குப் பிறகு ஏறினதற்கு மட்டும்தான் வரி.

மச்சான் கேட்டார், "நீங்க எங்க 2017இல சொந்தக்காரர்? உங்கட பேருக்கு உறுதி எழுதினது 2021இலதானே?" உண்மைதான். நீதிமன்ற வழக்கு முடிந்து எங்கள் ஆறு பேரின் பேருக்கும் உறுதி எழுதிப் பதிந்தது 2021இல். எங்களுக்கும் கொஞ்ச நேரம் வயிறு கலங்கிவிட்டது. அடுத்த நாள் சட்டத்தரணியிடம் போனோம். அவர் சொன்னது இது: எங்கள் நாட்டுச் சட்டப்படி ஒருவர் மௌத்தானால் அவருடைய சொத்தின் உரிமை அந்த நேரத்திலேயே வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. பிறகு எழுதும் உறுதி அந்த உரிமையைக் காகிதத்தில் காட்டுகிறதே தவிர, அன்றைக்குப் புதிதாகக் கொடுப்பதில்லை. ஆகவே நாங்கள் 2012இல் இருந்தே பங்காளிகள். 2017 செப்டெம்பர் 30 அன்றும் சொந்தக்காரர்கள்தான். இதைக் காட்ட வாப்பாவின் மரணச் சான்றிதழும், வழக்கின் கட்டளையும், வாரிசுகளின் விபரமும் வேண்டும். இந்தக் கடதாசிகளை ஒரே கோவையில் போட்டு வைத்தோம்.

இங்கே ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். எங்கள் வாப்பா அந்தத் திகதிக்கு முன்பு மௌத்தானவர்கள். உங்கள் வாப்பாவோ உம்மாவோ அதற்குப் பிறகு மௌத்தாகியிருந்தால் கணக்குத் தொடங்கும் வழி வேறு. எங்கள் கணக்கை அப்படியே பார்த்து எழுத வேண்டாம்.

சரி, 2024இல் இருந்துகொண்டு 2017இல் இருந்த விலையை எப்படிச் சொல்வது? அதற்குத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். நாங்கள் கூப்பிட்ட முதல் ஆள் வழக்கமாக வங்கிக் கடனுக்கு மதிப்பீடு செய்பவர். வந்து, அளந்து, படம் எடுத்து, ஒரு வாரத்தில் அறிக்கை தந்தார். பெறுமதி 2 கோடியே 35 லட்சம். சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் "இன்றைய திகதியில்" என்று இருந்தது. அது எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத அறிக்கை. 2017 செப்டெம்பர் 30இல் இருந்த பெறுமதி என்று அறிக்கையிலேயே எழுதியிருக்க வேண்டும். காசு கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், நாங்கள் சொல்லாததால் இரண்டு தரம் கொடுத்தோம்.

இரண்டாவது மதிப்பீட்டாளர் வேறு மாதிரி வேலை செய்தார். காணிப் பதிவகத்தில் எங்கள் பாதையில் 2017இல் கைமாறிய காணிகளின் உறுதிகளைத் தேடினார். பிரதான வீதியில் இருந்து எவ்வளவு தூரம், லொறி உள்ளே வருமா, காணி சரிவா என்று ஒப்பிட்டு ஒரு பேர்ச்சுக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் என்று வந்தார். 20 பேர்ச்சுக்கு 90 லட்சம். வீடு 1,800 சதுர அடி, வயது போன வீடு. சதுர அடிக்கு 3,000 ரூபாய் போட்டு 54 லட்சம். மொத்தம் 1 கோடியே 44 லட்சம். ஒரு பங்குக்கு 18 லட்சம்.

அவர் எங்களிடம் கேட்ட ஒரு கேள்வியை மறக்க மாட்டோம். "பின்னால இருக்கிற அறை எப்ப கட்டினது?" 2019இல் கட்டியது. கூரையும் அப்போதுதான் மாற்றினோம். "அப்ப அதை 2017இன் பெறுமதிக்குள்ள எடுக்க ஏலாது" என்று 1,800 சதுர அடிக்குள் அந்த அறையைச் சேர்க்காமல் விட்டார். நாங்கள் முகம் சுளித்தோம். அவர் விளங்கப்படுத்தினார். அந்த அறையின் செலவை மேம்படுத்தல் செலவாகத் தனியாகக் கிரயத்தில் சேர்க்கலாம். 2017இன் பெறுமதிக்குள்ளும் போட்டு, செலவாகவும் போட்டால் ஒரே அறையை இரண்டு தரம் கழித்ததாகிவிடும். கேள்வி வந்தால் முழு அறிக்கையிலும் சந்தேகம் விழும்.

அந்த அறைக்கும் கூரைக்கும் நாங்கள் எல்லாரும் பங்குப்படி போட்ட பணம் 13 லட்சம். ஆனால் பில் தேடியபோது கிடைத்தது 10 லட்சத்துக்குத்தான். மேசன்மாருக்குக் கையில் கொடுத்த 3 லட்சத்துக்கு ஒரு துண்டுகூட இல்லை. அதை விட்டுவிட்டோம். விற்பதற்கான செலவு தனியாக இருந்தது. தரகர், சட்டத்தரணி, மதிப்பீட்டாளர், விளம்பரம் எல்லாம் சேர்த்து 6 லட்சம். அவற்றுக்கு ரசீது வாங்கியிருந்தோம். விற்கும்போது அதற்காகவே ஏற்படும் இப்படியான செலவையும் கிரயத்தோடு சேர்க்கலாம்.

இப்போது ஒரு பங்கின் கணக்கைப் பாருங்கள். விற்ற விலை 30 லட்சம். 2017இன் பெறுமதி 18 லட்சம். மேம்படுத்தலும் விற்கும் செலவும் சேர்ந்த 16 லட்சத்தில் எட்டில் ஒன்று 2 லட்சம். ஆகவே கிரயம் 20 லட்சம், இலாபம் 10 லட்சம். முழு வீட்டுக்கும் இலாபம் 80 லட்சம். அப்போது இருந்த 10 வீதப்படி வரி 8 லட்சம்.

மச்சானின் வழியில், அதாவது 1981இன் கணக்கில் இருந்து தொடங்கி, இதே 16 லட்சத்தையும் கழித்திருந்தால் இலாபம் 2 கோடி 20 லட்சத்து 80 ஆயிரம், வரி 22 லட்சத்து 8 ஆயிரம். ஒரு திகதியைச் சரியாகப் பிடித்ததால் வந்த வித்தியாசம் 14 லட்சத்துக்கு மேலே.

இரண்டாவது திகதி: உம்மா வீட்டை விட்டுப் போன நாள்

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். சட்டத்தரணிதான் கேட்டார், "இந்த வீட்டில யார் யார் இருக்கிறாங்க?"

ஒருவர் தான் வசிக்கும் பிரதான வீட்டை விற்றால் வரும் இலாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. அவர் இலங்கையில் வதிபவராக இருக்க வேண்டும். விற்பதற்கு முந்திய மூன்று வருஷமும் தொடர்ந்து அது அவருக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷத்தில் குறைந்தது இரண்டு வருஷமாவது அவர் அந்த வீட்டில் வசித்திருக்க வேண்டும். வசித்த காலத்தை நாள் நாளாக எண்ணுவார்கள்.

கூட்டுச் சொத்தில் இது ஆளுக்கு ஆள் வேறுபடும். வீடு ஒன்று, ஆனால் விற்பவர்கள் ஆறு பேர். ஒவ்வொருவரும் தன் பங்கைத்தான் விற்கிறார். சொந்தமாக இருந்த காலம் எங்கள் ஆறு பேருக்கும் ஒன்றுதான், 2012இல் இருந்து. அந்த நிபந்தனையில் எல்லாரும் தேறுகிறோம். வசித்த காலத்தில்தான் பிரிகிறோம். சின்னத் தாத்தா ஒரு நாளும் வெளியே போகவில்லை. அவருடைய பங்குக்கு வரி இல்லை. நானா, தாத்தா, நாங்கள், தம்பி நாலு பேரும் அங்கே வசிக்கவில்லை. எங்கள் பங்குகளுக்கு வரி உண்டு. தம்பி "நான் வெளிநாட்டில இருக்கிறேன், எனக்கு வரி இல்லைதானே" என்று கத்தாரில் இருந்து கேட்டான். காணி இலங்கையில் இருக்கிறது, அதனால் இலாபத்துக்கு வரியும் இங்கேதான். அவனுக்கும் டின் நம்பர் எடுத்து, அற்றோனித் தத்துவம் வைத்திருந்த நானாதான் அவனுடைய வேலைகளையும் பார்த்தார்.

மிச்சம் உம்மா. அங்கேதான் சிக்கல்.

உம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் போய், 2024 ஜனவரி 15 அன்று நானா கண்டிக்குக் கூட்டிப் போனார். அன்றில் இருந்து உம்மா மாவனல்லையில் இல்லை. சட்டத்தரணி கலண்டரை எடுத்து எண்ணிக் காட்டினார். விற்கும் நாளில் இருந்து பின்னால் மூன்று வருஷத்தை எண்ணி அதற்குள் உம்மா எத்தனை நாள் அங்கே இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த மூன்று வருஷம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. விற்கும் நாள் தள்ளிப் போகப் போக அதுவும் சேர்ந்து நகரும். உம்மா வெளியேறி ஒரு வருஷத்துக்குள் விற்றால், மூன்றில் இரண்டு வருஷமாவது வசித்ததாக வரும். 2025 ஜனவரி 15 தாண்டினால் இரண்டு வருஷம் நிரம்பாது. முப்பது வருஷத்துக்கு மேலே அந்த வீட்டில் வாழ்ந்த மனிசி, கணக்கில் அங்கே வசிக்காதவராகிவிடுவார்.

வாங்குபவரோ, வெளிநாட்டில் இருந்து தன் பணம் வர வேண்டும், பெப்ரவரியில் உறுதி எழுதுவோம் என்றார். முற்பணம் தர ரெடி. "அட்வான்ஸ் வாங்கினா வித்த மாதிரித்தானே, பிறகு எழுதினா என்ன?" என்று நானா கேட்டார். அப்படி இல்லை. எங்கள் நாட்டில் காணி கைமாறுவது நொத்தாரிசு முன் எழுதும் உறுதியால்தான். முற்பண ரசீதால் உரிமை மாறாது. எண்ண வேண்டியது உறுதி எழுதிய நாளில் இருந்துதான்.

இன்னொரு யோசனையும் வந்தது. சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். "எல்லாரும் உங்கட பங்கைச் சின்னத் தாத்தாட பேருக்கு நன்கொடையா எழுதிடுங்கோ. அவ அங்கதானே இருக்கிறா. முழு வீட்டுக்கும் வரி இல்லாமப் போயிடும். வித்த பிறகு காசைப் பிரிச்சுக்கொள்ளுங்கோ." கேட்க இலேசாக இருந்தது. ஆனால் அந்த நன்கொடைப் பங்குகள் சின்னத் தாத்தாவுக்குச் சொந்தமாவது நன்கொடை உறுதி எழுதும் நாளில் இருந்துதான். மூன்று வருஷச் சொந்தம் என்ற நிபந்தனை அந்தப் பங்குகளுக்கு அன்றைக்குத்தான் எண்ணத் தொடங்கும். வாரிசாக வந்த அவருடைய ஒரு பங்கு 2012இல் இருந்து எண்ணப்படும், நன்கொடையாக வந்த பங்குகள் நேற்றில் இருந்து எண்ணப்படும். அடுத்த மாதம் விற்றால் அவற்றுக்கு விலக்கு இல்லை. நன்கொடை என்பதும் ஒரு கைமாற்றம்தான், அதற்கும் முத்திரைத் தீர்வை உண்டு. விட்டுவிட்டோம்.

கடைசியில் வாங்குபவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். "இது எங்கட உம்மாட பங்கு. ஜனவரி நடுப்பகுதிக்கு முந்தி எழுதினா அவவுக்கு ஒரு லட்சம் மிஞ்சும்." அவர் உடனே சம்மதிக்கவில்லை. பிறகு, தம்பி தன் பங்குப் பணத்தில் ஒரு பகுதியை மார்ச் மாதம் வரை பொறுத்து வாங்கச் சம்மதித்த பிறகே ஒத்துக்கொண்டார். 2024 டிசெம்பர் 19 வியாழக்கிழமை உறுதி எழுதினோம். அந்த நாளில் இருந்து பின்னால் எண்ணினால் மூன்று வருஷம் தொடங்குவது 2021 டிசெம்பர் 19இல். அதில் இருந்து உம்மா வெளியேறிய நாள் வரை இரண்டு வருஷமும் 27 நாளும். அவ்வளவுதான் இடைவெளி.

உம்மா வசித்ததைக் காட்ட கிராம உத்தியோகத்தரின் கடிதம், வாக்காளர் இடாப்பில் இருந்த பேர், கிளினிக் கொப்பியில் இருந்த மாவனல்லை விலாசம் எல்லாம் சேர்த்தோம். உம்மாவுக்கு வேறு வீடு எதுவும் சொந்தமாக இல்லை, நானாவின் வீட்டில் மகனோடுதான் இருந்தார்கள்.

கடைசிக் கணக்கு

உம்மா, ஒரு பங்கு, வரி இல்லை. சின்னத் தாத்தா, ஒரு பங்கு, வரி இல்லை. தாத்தாவும் நாங்களும் ஒரு பங்கு வீதம், இலாபம் 10 லட்சம் வீதம், வரி ஒரு லட்சம் வீதம். நானாவும் தம்பியும் இரண்டு பங்கு வீதம், இலாபம் 20 லட்சம் வீதம், வரி இரண்டு லட்சம் வீதம். குடும்பம் முழுவதற்கும் 6 லட்சம். மச்சான் சொன்ன 23 லட்சம் எங்கே, இது எங்கே.

மூலதன ஆதாய வரிக்கு வருஷக் கடைசி வரை தவணை இல்லை. விற்ற நாளில் இருந்து 30 நாளுக்குள் விபரத்திரட்டும் கொடுத்து வரியும் கட்ட வேண்டும். எங்களுக்கு அது 2025 ஜனவரி 18. வரி கட்ட வேண்டிய நாலு பேரும் தனித்தனியாகக் கொடுத்தோம். குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுக்க முடியாது. எங்கள் இரண்டு பேருக்கு அதுவரை டின் நம்பரே இருக்கவில்லை, அதை எடுக்கவே கொஞ்ச நாள் போனது. ஆகவே உறுதி எழுதுவதற்கு முன்பே எல்லாருக்கும் எடுத்து வையுங்கள்.

இப்போது விற்பவர்கள் கவனிக்க வேண்டியது, தனி ஆட்களுக்கு இந்த வரி 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதத்தில் இருந்து 15 வீதமாகிவிட்டது. எங்கள் அதே வீட்டை அதே விலைக்கு அந்த நாளுக்குப் பிறகு விற்றிருந்தால், உம்மாவின் விலக்கும் போயிருக்கும், வீதமும் ஏறியிருக்கும். ஏழு பங்குக்கு 70 லட்சம் இலாபம், வரி பத்தரை லட்சம். அதனால்தான் கிரயத்தையும் நாட்களையும் கவனமாக எண்ணுவது இன்றைக்கு இன்னும் பெரிய தொகையை மாற்றும்.

கல்யாண வீட்டில் கேட்ட இரண்டு குடும்பத்துக்கும் இப்போது பதில் சொல்கிறோம். எங்களிடம் வரும்போது விலையைச் சொல்ல வேண்டாம். யார் எப்போது மௌத்தானார், பங்காளிகள் யார் யார், அந்த வீட்டில் யார் எந்த நாள் வரை இருந்தார், இந்த மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதோடு மரணச் சான்றிதழையும், 2017க்குப் பிறகு வீட்டுக்குச் செலவழித்த பில்களையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து எண்ணுவோம், பிறகு சேர்ந்து சட்டத்தரணியிடம் போவோம்.

உம்மா இப்போதும் கண்டியில்தான். சின்னத் தாத்தாவின் புது வீட்டில் கீழ்த் தளத்தில் உம்மாவுக்கு ஒரு அறை இருக்கிறது, படி ஏறத் தேவையில்லை. மழை விட்டதும் கூட்டி வர இருக்கிறோம்.